"மெலிந்த உடம்புக்கு நோய் இல்லை" என்பது பொய்



எங்கள் பாட்டன்மார் தலைமன்னாரில் இறங்கினார்கள். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவை வருவதற்கு முன், அவர்கள் தோணியில் வந்து, மன்னார்க் கரையிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டு வழியே நடந்தார்கள். நூறு மைலுக்கு மேற்பட்ட நடை அது. வழியெங்கும் பலர் செத்தார்கள். "கொலரா, காய்ச்சல்" என்று எழுதி வைத்தார்கள். நாங்கள் அதற்கு முன்னால் "பசி" என்று எழுதச் சொல்கிறோம்.

கொலராக் கிருமியில் பெரும்பகுதியை வயிற்று அமிலம் கொன்றுவிடும். நெடுநாள் பட்டினி கிடந்தவனுக்கு அந்த அமிலம் குறைந்துபோகிறது. பேதிக்குப் பின் உடம்பைத் திரும்பக் கட்டவும் அவனிடம் புரதம் இல்லை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் தப்பி வந்தவர்கள் அப்படிப்பட்ட உடம்போடுதான் அந்தப் பாதையில் நடந்தார்கள். கிருமி வாசலுக்கு வந்தது உண்மை. கதவைத் திறந்துவிட்டது பசி.

அந்தக் கதை முடிந்துவிட்டதா? 2016இல் அரசு எடுத்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 30 பேர் எடை குறைந்தவர்கள். நாட்டுச் சராசரி 20க்குச் சற்று மேல். இருந்தும், "தோட்டத்து ஆட்களின் உடல்வாகே அப்படித்தான், மெலிந்தவருக்குச் சீனி, பிரஷர் வராது" என்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரின் எடையைக் கிலோவில் எடுத்து, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். வளர்ந்தவருக்கு விடை 18.5க்குக் கீழே வந்தால் எடை குறைவு. ஒன்றரை மீற்றர் உயரமுள்ள கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் 38 கிலோ என்றால் விடை ஏறக்குறைய 17. குறைந்தது 42 கிலோ இருக்க வேண்டியவர் அவர்.

அவர் காலில் கவ்வாத்துக் கத்தி பட்டால் என்ன நடக்கும்? புதுத் தசை கட்டப் புரதமும் நாகமும் வைட்டமின் சியும் வேண்டும். சாப்பாட்டில் அவை போதாதபோது, உடம்பு தன் தசையையே கரைத்துச் செலவழிக்கிறது. கிருமியோடு போராடும் அணுக்களுக்கும் அதே புரதம்தான் பங்கு. இரண்டுக்கும் போதாமல், காயம் ஆறாது, சீழ் பிடிக்கும். இரண்டு மூன்று வாரமாகியும் மூடாத புண்ணை "சின்னக் காயம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பக்கூடாது. சீனி வியாதியாலும் புண் ஆறாமல் போகலாம் என்பதால் இரத்தத்தையும் சோதிக்க வேண்டும். இருமல் இரண்டு வாரம் தாண்டி, எடையும் இறங்கினால், சளிப் பரிசோதனை உடனே வேண்டும். காசநோய் உடம்பை மெலிய வைக்கும். மெலிந்த உடம்பில் அது எளிதாகவும் பிடிக்கும்.

அதனால் நாங்கள் கேட்பது இதுதான்: தோட்ட மருந்தகத்தில் கொழுந்து நிறுக்கும் தராசுக்குக் காட்டும் அக்கறையோடு ஆளையும் நிறுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரின் எடையையும் அட்டையில் எழுத வேண்டும். நாள் சம்பளம் பேசும் மேசையில் பருப்பு, முட்டை, கருவாட்டின் விலையையும் வைக்க வேண்டும். மன்னார்ப் பாதையில் செத்தவர்களுக்கு யாரும் முழுக் கணக்கு வைக்கவில்லை. எங்கள் கணக்கை நாங்கள் வைப்போம்.