விசிறி வைத்த விமானம் பழசா?



ஓமலூர் பக்கத்தில் கமலாபுரத்தில் இருக்கிறதே சேலம் விமான நிலையம், அங்கே போய் விமானம் பார்த்தவர்கள் நம் நாமக்கல் பிள்ளைகளில் பலர் உண்டு. பார்த்துவிட்டு வந்ததும் அவர்கள் சலித்துக்கொள்வது ஒரே விஷயத்துக்குத்தான்: "ஐயா, சென்னையில் ஜெட் விமானம் வருகிறது. நம் ஊருக்கு மட்டும் ஏன் விசிறி சுற்றுகிற பழைய விமானத்தை அனுப்புகிறார்கள்?"

2018 மார்ச் 25-ல் சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே தொடங்கிய சேவையில் வந்தது ஏடிஆர் 72 என்ற விமானம். அது நின்றுபோய், 2023 அக்டோபரில் மறுபடி சேவை தொடங்கியபோதும் வந்தது அதே ரகம்தான். பழசு என்பதால் அல்ல. அதன் 600 வரிசை விமானங்கள் 2011-ல்தான் சேவைக்கே வந்தன. பிறகு ஏன் விசிறி? காரணம் இயந்திரத்துக்குள் இருக்கிறது.

ஏடிஆரில் இருப்பது டர்போபிராப் இயந்திரம். பெரிய ஜெட் விமானத்தில் இருப்பது டர்போபேன். இரண்டுக்கும் வயிறு ஒன்றுதான். காற்றை உள்ளே இழுத்து அழுத்துவார்கள். எரிபொருளைத் தெளித்து எரிப்பார்கள். சூடான வாயு சீறிப் பாய்ந்து, டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்றும். இதுவரை இரண்டும் அண்ணன் தம்பி. டர்பைன் தரும் சக்தியை எதற்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

டர்போபேனில் அந்தச் சக்தி, ஒரு பெரிய கூட்டுக்குள் அடைத்து வைத்த விசிறிக்குப் போகிறது. டர்போபிராப்பிலோ, வெளியே திறந்த வெளியில் சுழலும் பெரிய விசிறிக்குப் போகிறது. ஏடிஆர் விசிறிக்கு ஆறு இறக்கைகள், குறுக்களவு 3.93 மீட்டர். டர்பைன் நிமிடத்துக்குச் சுமார் 20,000 சுற்று சுற்றும். அவ்வளவு பெரிய விசிறியை அந்த வேகத்தில் சுற்றவிட முடியாது. எனவே நடுவே ஒரு கியர் பெட்டி வைத்து, 1,200 சுற்றாகக் குறைக்கிறார்கள். லாரி ஊரில் பிறந்த உங்களுக்குக் கியர் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டுமா? வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். இங்கேயும் அதே வேலைதான்.

சரி, பெரிய விசிறியால் என்ன லாபம்? காவிரியில் பரிசல் ஓட்டுபவரைப் பாருங்கள். அகலமான துடுப்பால் நிறையத் தண்ணீரை மெல்லத் தள்ளுகிறார். பரிசல் சுகமாக நகர்கிறது. குச்சியால் தள்ளினால்? கை ஓயும்வரை படபடவென்று அடிக்க வேண்டும். இதைக் கணக்காகவே போடலாம். ஒரு விநாடியில் 10 கிலோ காற்றை, விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பின்னே தள்ளுவோம். உந்தம் 10 × 10 = 100. ஒரு கிலோ காற்றை மட்டும் 100 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் உந்தம் அதே 100. விமானத்துக்குக் கிடைக்கும் தள்ளு ஒன்றுதான். ஆனால் செலவாகும் ஆற்றல்? பாதி × நிறை × வேகத்தின் வர்க்கம் என்று படித்திருக்கிறீர்கள். முதலாவதற்கு 500, இரண்டாவதற்கு 5,000. பத்து மடங்கு! அதிகக் காற்றை மெதுவாகத் தள்ளுகிறவனுக்கே எரிபொருள் மிச்சம். டர்போபேனின் விசிறியும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறது. ஆனால் கூட்டுக்குள் இருப்பதால் அது ஓர் அளவுக்குமேல் பெரிதாக முடியாது.

அப்படியானால் எல்லா விமானத்துக்கும் வெளி விசிறியே வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் ஒரு வேலி. விசிறி சுழலவும் செய்கிறது, விமானத்தோடு முன்னே பறக்கவும் செய்கிறது. இரண்டு வேகமும் சேரும்போது, இறக்கையின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும். அப்போது காற்று நுனியில் முட்டிக்கொண்டு, இரைச்சல் கூடும், இழுவை குறையும். அதனால் ஏடிஆர் மணிக்குச் சுமார் 500 கி.மீ.க்கு மேல் போவதில்லை. டர்போபேனின் கூடு, எதிரே வரும் காற்றின் வேகத்தைக் குறைத்து விசிறிக்குக் கொடுக்கிறது. அதனால்தான் ஜெட் 830 கி.மீ. வேகத்தில் பறக்கிறது.

இப்போது சேலம்–சென்னையை எடுத்துக்கொள்வோம். வான்வழியில் சுமார் 270 கி.மீ. ஜெட்டுக்குப் பிடித்த உயரம் 35,000 அடி. அங்கே ஏற அதற்குச் சுமார் 200 கி.மீ. வேண்டும், இறங்க இன்னொரு 200 கி.மீ. வேண்டும். மொத்தப் பாதையே 270 தானே! ஆக, ஜெட் தன் உயரத்தைத் தொடாமலே இறங்க வேண்டும். அதன் வேகமும் சிக்கனமும் வெளிப்பட இடமே இல்லை. ஏடிஆர் பதினைந்து, பதினேழாயிரம் அடியிலேயே நிம்மதியாகப் பறக்கும். ஜெட்டில் போனால் மிச்சமாகும் நேரம் பத்து நிமிடத்துக்குள்தான்.

எரிபொருள் கணக்கைப் பாருங்கள். இந்தத் தூரத்துக்கு ஏடிஆர் ஏறத்தாழ 600 கிலோ குடிக்கும் என்றால், 180 பேர் அமரும் ஏ320 போன்ற ஜெட் அதைப்போல மூன்று மடங்கு, 1,800 கிலோ குடிக்கும். ஜெட்டில் 180 பேரும் ஏறினால் ஆளுக்குப் பத்துக் கிலோ. ஏடிஆரில் 60 பேர் ஏறினாலும் ஆளுக்கு அதே பத்துக் கிலோ. ஆனால் சேலத்தில் அன்று வந்தது 60 பேர்தான் என்றால், ஜெட்டில் ஆளுக்கு 30 கிலோ! டிக்கெட் விலை யார் தலையில் விழும்?

அடுத்தது ஓடுபாதை. சேலத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். முழுச் சுமையோடு ஏடிஆர் எழும்ப ஏறத்தாழ 1,300 மீட்டர் போதும். முழுச் சுமையுள்ள ஏ320-க்கு 2,000 மீட்டர் வேண்டும். சித்திரை வெயிலில் காற்று சூடாகி லேசாகிவிடும். அப்போது இன்னும் நீளம் கேட்கும். பாதி ஆட்களையும் கொஞ்சம் எரிபொருளையும் ஏற்றி ஜெட்டை எழுப்பலாம்தான். ஆனால் பாதி காலியாகப் பறக்க ஜெட் எதற்கு?

ஓடுபாதையை நீட்டிவிட்டால் போயிற்று என்பது சுலபமான பேச்சு. நீட்ட நிலம் வேண்டும். 2018-ல் விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்க அளந்தபோது, கமலாபுரம், பொட்டிபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி கிராமங்களின் விவசாயிகள் எதிர்த்தார்கள். அது அவர்களின் வயலும் கிணறும் வீடும். எந்த விமானம் வேண்டும் என்று நாம் கேட்கும்போதே, எவ்வளவு நிலம் வேண்டும் என்றும் கேட்டுவிடுகிறோம். அரசு முடிவெடுக்கும் முன் இந்த 1,300-ஐயும் 2,000-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

டர்போபிராப்புக்குக் குறைகளும் உண்டு. தாழ்வாகப் பறப்பதால் மழை மேகங்களைத் தாண்டி மேலே போக முடியாமல், சுற்றிப் போகவோ குலுங்கியபடி போகவோ நேரும். விசிறிக்கு நேரே உட்கார்ந்தால் இரைச்சல் காதைத் துளைக்கும். தில்லிக்குப் போவதென்றால் ஏடிஆரில் கால் மரத்துப்போகும். அவ்வளவு நீண்ட தூரத்துக்கு ஜெட்தான் சரி. ஐந்நூறு, அறுநூறு கி.மீ.க்குள், கூட்டம் குறைந்த ஊர்களுக்கு விசிறிதான் சரி.

அடுத்த முறை கமலாபுரம் போனால், விசிறியின் ஆறு இறக்கைகளையும் எண்ணிப் பாருங்கள். "பழைய விமானம்" என்று யாராவது சொன்னால், 500-க்கும் 5,000-க்கும் உள்ள கணக்கை மணலில் எழுதிக் காட்டுங்கள்.