கதவில் காது அடையாளம் இருக்கிறது. கேட்கிறதா என்று யார் பார்த்தது?

ஆசிரியர்களுக்கான ஒருநாள் செயலமர்வு ஒன்று அண்மையில் புதிதாகத் திருத்தியமைக்கப்பட்ட ஒரு விரிவுரை மண்டபத்தில் நடைபெற்றது. புதிய கதிரைகள், தரைக்கு டைல், நான்கு மூலைகளிலும் ஒலிபெருக்கிகள். நுழைவாயிலில் நீல நிறத்தில் காது படமும் அதன் மூலையில் 'டி' என்ற ஆங்கில எழுத்தும் கொண்ட அடையாளம். இது செவிப்புலன் உதவிக்கருவி அணிந்தவர்களுக்காக அந்த மண்டபத்தில் 'ஹியரிங் லூப்' எனப்படும் செவிப்புலன் வளையம் பொருத்தப்பட்டுள்ளது என்பதைக் குறிப்பது.

என்னோடு வந்திருந்த மூத்த ஆசிரியர் ஒருவர் இரண்டு காதுகளிலும் கருவி அணிபவர். நாங்கள் அவரை நானா என்றே அழைப்போம். அடையாளத்தைக் கண்டதும் அவரது முகம் மலர்ந்தது. மூன்றாவது வரிசையின் நடுவில் அமர்ந்து, கருவியை 'டி' நிலைக்கு மாற்றினார். சிறிது நேரத்தில் பழைய நிலைக்கே திருப்பிவிட்டார். தேநீர் இடைவேளையில் கேட்டபோது, "தம்பி, 'டி'யில போட்டா இரைச்சல் மட்டுந்தான். சாதாரணமா வெச்சா சத்தம் நல்லாக் கேக்குது, சொல்லுத்தான் வெளங்குதில்ல" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் இப்பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது. செவிப்புலன் கருவியில் உள்ள சிறிய ஒலிவாங்கி விரிவுரையாளரின் குரலை மட்டும் பிரித்தெடுப்பதில்லை. மின்விசிறியின் ஓசை, கதிரை இழுபடும் சத்தம், டைல் தரையிலும் வெறும் சுவரிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி ஆகிய அனைத்தையும் சேர்த்தே பெருக்குகிறது. எனவே ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடுகிறது. 'காசு' என்பதையும் 'காது' என்பதையும் வேறுபடுத்தும் மெல்லிய மெய்யொலி அதற்குள் அமிழ்ந்துபோகிறது.

செவிப்புலன் வளையம் வேறு வழியில் இயங்குகிறது. விஞ்ஞான பாடத்தில் நாம் கற்பிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் அதன் அடிப்படை. விரிவுரையாளரின் ஒலிவாங்கியிலிருந்து வரும் சமிக்ஞையை ஒரு விசேட அம்ப்ளிபையர் மின்னோட்டமாக மாற்றி, மண்டபத்தின் தரையில் பதிக்கப்பட்ட செப்பு வயருக்கு அனுப்புகிறது. அந்த வயரைச் சூழ்ந்து, குரலுக்கேற்ப மாறும் காந்தப்புலம் உருவாகிறது. செவிப்புலன் கருவிக்குள் 'டெலிகோயில்' எனும் சின்னஞ்சிறு சுருள் இருந்தால், அதில் மின் தூண்டப்பட்டு அது மீண்டும் குரலாகிறது. இடையில் காற்று இல்லை. ஆகவே எதிரொலியும் மின்விசிறி ஓசையும் இல்லை. பின்வரிசையில் இருப்பவருக்கும் விரிவுரையாளர் காதருகே பேசுவது போலிருக்கும்.

அப்படியானால் நானாவுக்கு ஏன் கேட்கவில்லை? செயலமர்வு முடிந்த பின்னர் மண்டபப் பொறுப்பாளரின் அனுமதியோடு நாங்கள் அதைத் தேடினோம். என்னிடம் பாடசாலை ஆய்வுகூடத்தில் மெல்லிய வயர் சுற்றிச் செய்த ஒரு சுருள் இருந்தது. அதைச் சிறியதொரு அம்ப்ளிபையரிலும் ஹெட்போனிலும் இணைத்தால், டெலிகோயிலுக்குக் கேட்பது ஏறத்தாழ நமக்கும் கேட்கும்.

முதலாவது காரணம் வெட்கப்படத்தக்க அளவு எளிமையானது. வளையத்துக்குரிய அம்ப்ளிபையர் இயக்கப்பட்டிருக்கவே இல்லை. அலுமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்த அந்தப் பெட்டி எதற்கானது என்று அங்கு கடமையிலிருந்த எவருக்கும் தெரியாது.

இயக்கிய பின்னரும் இரைச்சல் போகவில்லை. எங்கள் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்ட ஆடலோட்டம். மின்சுற்றின் போகும் வயரும் திரும்பி வரும் வயரும் அருகருகே சென்றால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று பெரிதும் அழித்துவிடும். திரும்பும் வயரை வேறு பாதையில் கொண்டு சென்றால், மண்டபத்தைச் சுற்றி இன்னொரு வளையமே உருவாகிவிடும். அது குரலுக்குப் பதிலாக 'ம்ம்ம்' என்ற இரைச்சலைத் தரும். அந்த மண்டபத்தில் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தியபோது, ஒரு பக்க வரிசைக்குரிய சுற்றை நிறுத்தியதும் இரைச்சல் சட்டெனக் குறைந்தது. பிழை செவிப்புலன் வளையத்தில் இல்லை, கட்டடத்தின் வயரிங்கில் இருந்தது. எனவே வளையம் பதிக்க முன்னரே எல்லா விளக்குகளையும் விசிறிகளையும் போட்டு, காந்த இரைச்சலை அளந்து பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் மிகவும் முக்கியமானது. மண்டபம் ஏறத்தாழ 12 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் உடையது. வயரைச் சுவரோரமாக ஒரே சுற்றாகப் பதித்திருந்தார்கள். இந்த அளவு மண்டபத்தில், அமர்ந்திருப்பவரின் காது உயரமான 1.2 மீற்றரில், நடுப்பகுதிக்குப் போதிய காந்தப்புலம் கிடைக்க சுமார் 5 அம்பியர் மின்னோட்டம் தேவை. அது உலோகமே இல்லாத தரைக்கான கணக்கு. எமது கட்டடங்களில் கொங்கிரீட் தளத்துக்குள் இரும்புக் கம்பி வலை இருக்கிறது. அந்த வலையில் எதிர் மின்னோட்டம் தூண்டப்பட்டு, வயர் உண்டாக்கும் புலத்தை அது அரித்துவிடுகிறது. வயரிலிருந்து தூரமான நடுப்பகுதியே இதனால் அதிகம் பாதிக்கப்படும். அதிலும் உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளுக்கு இழப்பு கூடுதல். ச, த போன்ற எழுத்துகளின் தெளிவு அந்த ஒலிகளில்தான் உள்ளது.

நாங்கள் சுருளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தோம். சுவரிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே குரல் பலமாகவும் தெளிவாகவும் இருந்தது. நடு வரிசைகளுக்கு வந்தபோது போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் மங்கியது. சுவரை ஒட்டி, வயருக்கு நேர் மேலே இருந்த கதிரைகளில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஏனெனில் வயருக்கு நேர் மேலே காந்தப்புலம் பக்கவாட்டில் செல்கிறது. கருவியிலுள்ள சுருளோ பெரும்பாலும் செங்குத்தாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. குறிப்பு எழுதுவதற்காகத் தலையை நன்றாகக் குனிந்தாலும் குரல் தணிவதற்கு இதுவே காரணம்.

இத்தகைய தரைக்குச் சுவரோரச் சுற்று பொருந்தாது. வயரை எட்டு வடிவில் இரண்டு சிறிய வளையங்களாகவோ, ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரு வளையத் தொகுதிகளாகவோ அமைக்க வேண்டும். இரண்டாவது முறையில் ஒரு தொகுதியின் வெற்றிடத்தை மற்றது நிரப்புகிறது. இதற்குத் தட்டையான செப்பு நாடா பாவிக்கப்படுகிறது. அது டைல் அல்லது தரைவிரிப்பின் கீழ் செல்வது. டைல் பதிக்கும் வேளையில் செய்தால் சிறிய வேலை. பதித்து முடிந்த பின் செய்வதென்றால் தரையை உடைக்க வேண்டும். அந்த மண்டபத்தில் இப்போது சிக்கலாகி நிற்பது அதுதான். இரைச்சலைத் திருத்த ஒரு மின்னியலாளர் போதும்; தரையை உடைக்க நிதி கேட்டால் "புதிதாகக் கட்டியதை உடைப்பதா?" என்கிறார்கள். இடைக்கால ஏற்பாடாக, நன்றாகக் கேட்கும் கதிரைகளுக்கு நாங்கள் அடையாளமிட்டு வைத்தோம். நானா அடுத்த செயலமர்வில் அங்குதான் அமர்ந்தார். ஒரு சொல்லும் தவறவில்லை என்றார். விரிவுரையாளர் "எனக்கு மைக் தேவையில்லை, குரல் போதும்" என்று ஒலிவாங்கியை மேசையில் வைக்கும் வரைக்கும் அந்த நிலை நீடித்தது. ஒலிவாங்கிக்குள் போகாத குரல் வளையத்துக்குள்ளும் போகாது. சபையிலிருந்து எழும் கேள்விகளும் அப்படித்தான்.

எமது நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. 2006இல் பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் வந்தன. 2016இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. இவற்றின் பயனாகச் சாய்தளங்கள் பல இடங்களில் வந்துள்ளன. சாய்தளம் பிழையாகக் கட்டப்பட்டால் வழியால் போகும் எவரும் அதைக் காணலாம். செவிப்புலன் வளையம் பிழையானால் கருவி அணிந்தவருக்கு மட்டுமே தெரியும். அவரோ பெரும்பாலும் தன் காதில்தான் குறை என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுகிறார். ஒப்பந்தக்காரர் பணத்தைப் பெற்றுவிடுவார், திறப்பு விழாவும் நடக்கும், அடையாளம் கதவில் இருக்கும்.

எனவே விலைமனுவில் "செவிப்புலன் வளையம் பொருத்துதல்" என்று ஒரு வரி எழுதினால் போதாது. ஐ.ஈ.சி. 60118-4 எனும் சர்வதேச நியமத்தின்படி அளந்து ஒப்படைக்க வேண்டும் என்று எழுத வேண்டும். அது கேட்பவை மூன்று. பேச்சின் உச்சத்தில் புலவலிமை மீற்றருக்கு 400 மில்லி அம்பியரை எட்ட வேண்டும். 100 முதல் 5000 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகள் 3 டெசிபலுக்கு மேல் கூடிக் குறையாமல் வர வேண்டும். பின்னணி இரைச்சல் அந்த 400 அளவைவிடக் குறைந்தது 32 டெசிபல் கீழே இருக்க வேண்டும். இந்த அளவீடு மேடைக்கு முன்னால் ஓரிடத்தில் மட்டும் எடுக்கப்படாமல் கதிரைகள் உள்ள பகுதி முழுவதிலும் எடுக்கப்பட வேண்டும். இறுதிக் கொடுப்பனவுக்கு முன் கருவி அணிந்த ஒருவர் நடுவிலும் ஓரத்திலும் பின்னாலும் அமர்ந்து கேட்டு, கையொப்பமிட வேண்டும்.

இதில் ஒரு வரையறையும் உண்டு. எல்லாச் செவிப்புலன் கருவிகளிலும் டெலிகோயில் இல்லை. காதுக்குள் மறையும் சிறிய கருவிகள் பலவற்றில் அதற்கு இடமே இல்லை. இருக்கும் கருவிகளிலும் 'டி' நிலையைச் செவிப்புலன் நிபுணர் இயக்கிக் கொடுத்திருக்க வேண்டும். புதிய கருவிகள் சிலவற்றில் 'ஓரகாஸ்ட்' எனும் புளூடூத் முறை வருகிறது. ஆயினும் இன்று பாவனையிலுள்ள பழைய கருவிகளுக்கு அது பயன்படாது. எனவே மண்டபத்தில் ஹெட்போனுடன் கூடிய சில வாங்கிகளையும் வைத்திருப்பது அவசியம். கருவி வாங்கப்போகும் குடும்பத்தினர் விலையைக் கேட்க முன் "டெலிகோயில் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும்.

ஜும்ஆ பிரசங்கம் நடக்கும் பள்ளிவாசலுக்கும் இதே பௌதிகவியல்தான். புதிய தளம் போடும் நிருவாகங்கள் தரைவிரிப்பு விரிக்க முன் இதைச் சிந்திக்கலாம்.

அந்த மண்டபத்தில் அலுமாரித் திறப்பு இப்போது பொறுப்பாளரின் மேசையில் இருக்கிறது. அம்ப்ளிபையர் மேல் "நிகழ்ச்சிக்கு முன் இதைப் போடவும்" என்று நானாவே எழுதி ஒட்டினார். நடு வரிசைகள் இன்னும் மங்கலாகத்தான் இருக்கின்றன.