நான்கு சாய்வுகளும் ஒரு விகிதமும்

ரங்கே–குட்டா நான்காம் வரிசை முறையில் ஒரு படி கணக்கிடச் சொன்னால், விடைத்தாள்களில் பெரும்பாலும் k1 முதல் k4 வரை நான்கு எண்கள் வரிசையாக இருக்கும். அவற்றின் கீழே சராசரி, அதற்கும் கீழே அடிக்கோடிட்ட விடை. நாமும் விடையைப் பார்த்து மதிப்பெண் போட்டுவிடுகிறோம். அந்த நான்கு எண்களையும் படித்துப் பார்ப்பவர் குறைவு. கையால் போடும் கணக்கின் பயனே அவற்றைப் படிப்பதில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

எல்லோரும் அறிந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம்: y' = x + y, y(0) = 1, h = 0.1. தொடக்கப் புள்ளியில் சாய்வு k1 = 1. அந்தச் சாய்விலேயே அரைப்படி நகர்ந்தால் y = 1.05. அங்கே k2 = 0.05 + 1.05 = 1.1. மீண்டும் தொடக்கத்திலிருந்து, இம்முறை k2-வைக் கொண்டு அரைப்படி நகர்ந்தால் y = 1.055, k3 = 1.105. பிறகு k3-ஐக் கொண்டு முழுப்படி நகர்ந்தால் y = 1.1105, k4 = 1.2105. நடு இரண்டுக்கும் இரட்டை எடை கொடுத்துக் கூட்டினால் 6.6205. ஆறால் வகுத்து 0.1-ஆல் பெருக்கி 1-உடன் சேர்க்க, y(0.1) = 1.1103417. சரியான தீர்வு 2eˣ − x − 1 தருவது 1.1103418. பிழை ஏழாம் தசம இடத்தில்தான் தொடங்குகிறது.

இனி நடு இரண்டு சாய்வுகளைக் கவனியுங்கள். k2, k3 இரண்டும் ஒரே x-இல் எடுத்தவை. y மட்டுமே வேறு. ஆகவே அவற்றின் வேறுபாடு, y மாறினால் சாய்வு எவ்வளவு மாறுகிறது என்பதையே காட்டுகிறது. (k3 − k2)/(k2 − k1) என்ற விகிதம், சார்பு y-இல் நேரியலாக இருந்தால், h/2 பெருக்கல் ∂f/∂y-க்கு அப்படியே சமம். இல்லாவிட்டால் h/2 பெருக்கல் ∂f/∂y-இன் இடைப்பட்ட ஒரு மதிப்புக்குச் சமம். மேலே அது 0.005/0.1 = 0.05. இந்த விகிதம் நூற்றில் சில பங்குகளுக்குள் இருக்க வேண்டும், மிஞ்சினால் படியைச் சுருக்க வேண்டும் என்பது கொல்லாட்ஸ் தந்த நடைமுறை விதி. f-ஐப் புதிதாக ஒருமுறைகூடக் கணக்கிட வேண்டியதில்லை. இரண்டு கழித்தல், ஒரு வகுத்தல் போதும்.

விதியை மீறினால் என்ன ஆகும்? y' = −20y, y(0) = 1, அதே h = 0.1. சாய்வுகள் முறையே −20, 0, −20, +20. தணிந்துகொண்டே போகும் தீர்வுக்கு ஒரு சாய்வு மேல்நோக்கி வருவதே எச்சரிக்கை. விகிதமோ −1. விடை 0.3333, இருக்க வேண்டியது 0.1353. விடையை மட்டும் பார்த்தால் குறைந்துதானே இருக்கிறது என்று கடந்துபோவோம். h-ஐ 0.15 ஆக்கினால் முதல் படியிலேயே 1.375 வந்து, தீர்வு வளரத் தொடங்கிவிடும். விகிதத்தின் அளவை 0.05-க்குக் கொண்டுவர h = 0.005 வேண்டும்.

கைத்தவறையும் இந்த விகிதம் பிடித்துக்கொடுக்கும். நம் பாடநூல்கள் பலவற்றில் k என்பதே h பெருக்கல் f. மாணவர் அதை மறந்து, y0 + k1/2 போன்ற இடங்களில் எல்லாம் h-ஐ இன்னொருமுறை பெருக்கிவிடுவது அடிக்கடி நடப்பது. முதல் கணக்கில் இப்படிச் செய்தால் k-க்கள் 0.1, 0.1055, 0.1055275 என்று வரும். இறுதி விடை 1.1055. பார்வைக்கு உறுத்தாத எண்தான். ஆனால் விகிதம் 0.005. ∂f/∂y = 1 என்பது சமன்பாட்டிலேயே தெரிகிறது, ஆகவே 0.05 வந்திருக்க வேண்டும். சரியாகப் பத்தில் ஒரு பங்கு வந்திருப்பதால், கூடுதலாக நுழைந்தது ஒரு h என்பதும் தெரிந்துவிடுகிறது. k3-இலும் k1-ஐயே போட்டுவிட்டவருக்கு k2, k3 ஒன்றாகி விகிதம் பூச்சியமாகும்.

விகிதத்துக்கு எல்லையும் உண்டு. அது பிழையின் அளவன்று. f-இல் y இல்லாவிட்டால் k2, k3 எப்போதும் சமம். முறை சிம்சன் விதியாகச் சுருங்கிவிடும், விகிதம் பூச்சியமாகவே இருக்கும். x-இல் f எவ்வளவு வேகமாக மாறினாலும் அது வாய் திறக்காது. k1-உம் k2-உம் சமமானால் வகுக்கவே முடியாது. அத்தகைய இடங்களில் படியைப் பாதியாக்கி மீண்டும் போட்டு, இரு விடைகளையும் ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ரங்கே 1895-இல் தொடங்கி, குட்டா 1901-இல் நான்காம் வரிசைக்குக் கொண்டுவந்த இந்த முறையை இன்று எந்தக் கணினியும் நொடியில் செய்துவிடும். அதனால் விடைக்காக மட்டும் கையால் போட வைப்பதில் பொருளில்லை. வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்கள், y-ஐச் சார்ந்த கணக்குகளில் k4-க்கும் சராசரிக்கும் இடையே ஒரு வரி கூடுதலாகக் கேட்க வேண்டும்: விகிதம் எவ்வளவு, இந்த h போதுமா? அந்த வரிக்கு இரண்டு மதிப்பெண் ஒதுக்கலாம். கடைசித் தசம இடத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளலாம்.