சொல்லிவிட்டுக் கண்காணிக்கலாம்!

அலுவலகக் கணினியில் ஊழியர் எழுதும் மின்னஞ்சலை நிறுவனம் படிக்கலாமா என்ற கேள்விக்கு, 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அளிக்கும் பதில் ஊழியர்களுக்கு ஆறுதல் தருவதாக இல்லை.

வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காகவும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் ஊழியரின் தரவுகளை அவரது ஒப்புதலின்றியே கையாள 7-வது பிரிவு இடமளிக்கிறது. தொழில் ரகசியம் கசிவதைத் தடுக்க இத்தகைய விலக்கு தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், முன்கூட்டியே அறிவிக்கை தர வேண்டும் என்கிற 5-வது பிரிவு, ஒப்புதல் கோரும்போது மட்டுமே பொருந்தும். ஒப்புதல் தேவையில்லை என்றால் அறிவிக்கையும் தேவையில்லை என்றாகிறது. கண்காணிக்கப்படுகிறோம் என்பதே தெரியாமல் ஊழியர் பணியாற்ற நேரிடும்.

ருமேனியாவில் நடந்தது நமக்கும் பாடம். வாடிக்கையாளர்களுக்குப் பதிலளிப்பதற்காக நிறுவனம் கேட்டுக்கொண்டபடி தொடங்கிய 'யாகூ மெசஞ்சர்' கணக்கை, ஓர் ஊழியர் சொந்த உரையாடலுக்கும் பயன்படுத்தினார். 2007 ஜூலையில் சில நாள்கள் அதைக் கண்காணித்த நிறுவனம், சகோதரருடனும் மணக்கவிருந்த பெண்ணுடனும் அவர் பேசிக்கொண்டவை உள்பட 45 பக்கங்களை அவர் முன் வைத்தது, வேலையிலிருந்தும் நீக்கியது. சொந்த உபயோகம் கூடாது என்ற விதி அங்கு இருந்தது உண்மை. எனினும், செய்தியின் உள்ளடக்கமே படிக்கப்படும் என்று அவருக்கு முன்னதாகச் சொல்லப்பட்டதா, இதைவிடக் குறைந்த தலையீட்டில் காரியம் முடிந்திருக்காதா என்பதை அந்நாட்டு நீதிமன்றங்கள் ஆராயவில்லை என்று கூறி, 2017 செப்டம்பர் 5-இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் ஊழியருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அதற்குப் பன்னிரண்டு நாள்கள் முன்புதான் நமது உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தது. அரசின் தலையீட்டுக்குச் சட்ட ஆதாரம், நியாயமான நோக்கம், அளவு மீறாமை ஆகியவை வேண்டும் என்றது. இதே அளவுகோல் தனியார் அலுவலகத்துக்கும் வர வேண்டுமானால், அதற்குத் தெளிவான சட்டவிதி தேவை.

யார் யாருக்கு எப்போது அனுப்பினார், எவ்வளவு பெரிய கோப்பை இணைத்தார் என்று பதிவு செய்வது ஒன்று. கடிதத்தைத் திறந்து படிப்பது வேறொன்று. முன்னது வழக்கமான பாதுகாப்பு நடவடிக்கையாக இருக்கலாம். பின்னதற்குக் குறிப்பிட்ட சந்தேகமும், அதை எழுத்தில் பதிவு செய்த உயரதிகாரியின் உத்தரவும் வேண்டும். எந்தெந்தக் கணக்குகள் கண்காணிக்கப்படும், உள்ளடக்கத்தை யார், எந்தச் சூழ்நிலையில் திறப்பார், பதிவுகள் எத்தனை நாள் வைத்திருக்கப்படும், பணியிலிருந்து விலகியவரின் அஞ்சல்பெட்டி என்னவாகும் ஆகியவற்றைப் பணி நியமனத்தின்போதே ஊழியருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும். 'நிறுவனம் தேவைப்பட்டால் கண்காணிக்கும்' என்ற ஒற்றை வரி போதாது.

இந்த அறிவிப்பை 7-வது பிரிவின் விலக்குக்கு நிபந்தனையாக்க நாடாளுமன்றம் முன்வர வேண்டும். ஊழியரிடம் சொல்லத் தயங்கும் அளவுக்கு ஒரு கண்காணிப்பு இருக்குமானால், அதன் நோக்கத்தையே சந்தேகிக்க வேண்டியிருக்கும்.