கையெழுத்து போட்டாச்சுன்னா முழுப் பணமும் கட்டணுமா?

போன வாரம் அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவும்போது ஒரு தங்கச்சி எங்ககிட்ட அழுதுச்சு. இணைய வகுப்பு, 24 பாடம், மொத்தம் 4,800 வெள்ளி, மாசம் 400 வீதம் 12 தவணை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாம போய், 4 பாடத்தோட நின்னுடுச்சு. அதுக்குள்ள மூணு தவணை கார்டிலிருந்து போயிடுச்சு. நிறுத்தறேன்னு சொன்னதுக்கு நிலையத்தின் பதில்: மீதி 3,600-ஐயும் கட்டு.

பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தர், "கையெழுத்து போட்டுட்டல்ல, கட்டித்தானம்மா ஆகணும்"னார். நாங்க மரியாதையோடயே மறுக்கிறோம் ஐயா. நம்ம பிள்ளைங்களை அதிகமா பயமுறுத்துறது இந்த ஒரு வாக்கியம்தான்.

1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு, தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் ரத்து செய்யலாம் என்கிறது. அப்போது நிலையம் எடுக்கக்கூடியது மொத்த விலையில் 5 விழுக்காடும், ஏற்கெனவே பெற்ற சேவைக்கும் பொருளுக்கும் உரிய விலையும்தான். கணக்கு போட்டுப் பாருங்க. 5 விழுக்காடு 240 வெள்ளி. 4 பாடத்துக்கு 800. ஆக 1,040. தங்கச்சி கட்டினது 1,200. இந்தக் கணக்குப்படி 160 வெள்ளி அதுக்குத்தான் திரும்ப வரணும்!

ஆனா "கார்டை முடக்கிடு, நம்பரை மாத்திடு"ன்னு யோசனை சொல்ற தம்பிகளோடும் எங்களுக்குச் சண்டைதான். முதல்ல யாருக்குக் கடன்னு பாருங்க. தவணையை நிலையமே வசூலிச்சா, வழக்கு நிலையத்தோடு மட்டும். வங்கியின் தவணைத் திட்டம்னா, பெரும்பாலும் நிலையம் முழுப் பணத்தையும் அப்பவே வாங்கியிருக்கும். நீங்க வங்கிக்குத்தான் கடன்காரர். சும்மா நிறுத்தினா சிசிரிஸ் பதிவுல ஏறும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது குறுக்கே நிக்கும். அந்த மாதிரி இருந்தா ரத்துக் கடிதத்தை நிலையத்துக்கு அனுப்பி, நகலை வங்கிக்கும் கொடுத்து, விவகாரம் தீரும்வரை தவணையைக் கட்டிக்கிட்டு வாங்க. கசப்புதான், தெரியும்.

ரத்து செய்யறதை எழுத்துல, தேதியோட, மின்னஞ்சல்ல அனுப்புங்க. எத்தனை பாடம் நடந்தது, எவ்வளவு கட்டினீங்க, மேலே போட்ட மாதிரி கணக்கு, இவ்வளவு போதும். வாட்சாப்ல கெஞ்சவும் வேணாம், திட்டவும் வேணாம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: பதிவு செய்த பாடம் 24-ஐயும் முதல் நாளே திறந்து விட்டிருந்தா, "எல்லாம் கொடுத்துட்டோம்"னு நிலையம் வாதாடும். எத்தனை பார்த்தீங்கன்னு காட்டும் பக்கத்தை, கணக்கு மூடப்படறதுக்கு முன்னாடியே படம் எடுத்து வச்சுக்கணும்.

அப்பவும் மசியலைன்னா பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கு. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் பொதுவா அனுமதியில்லை, அதனால நிலையத்துக்காரர் பெரிய வக்கீலைக் கொண்டு வந்து மிரட்ட முடியாது. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூணு வருஷத்துக்குள்ள போகணும்.

தங்கச்சி கடிதம் அனுப்பிடுச்சு. இதே நிலையில யாராவது இருந்தா, ஞாயிறு காலை மண்டபத்துக்கு ஒப்பந்தத்தையும் ரசீதையும் எடுத்துட்டு வாங்க. போரங் 1 நிரப்ப நாங்க உட்காருவோம்.