அந்த இன்னொரு திரை யாருடையது?

வாட்ஸ்அப்பில் புதிதாக ஒரு கருவி இணைக்கப்பட்டிருப்பதாக அறிவிப்பு வந்தால் என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள். செய்தித்தாளின் தொழில்நுட்பப் பக்கம், காவல்துறையின் விழிப்புணர்வுத் துண்டறிக்கை, அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் தம்பி, எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். எங்கோ ஓர் ஊரில் முகம் தெரியாத திருடன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், Log out என்பதை அழுத்துங்கள், தீர்ந்தது. ஆபத்து வெளியிலிருந்து வருகிறது, வீடு பத்திரமானது என்று நம் பாட்டிமார்களுக்குச் சொன்ன கதையேதான் இது. பொட்டும் பூவும் கழற்றிவிட்டு செல்போனுக்குள் வந்திருக்கிறது.

வெளியூர்த் திருடன் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. தெரிந்தவர் எண்ணிலிருந்து ஒரு இணைப்பு வரும், அதைத் தொட்டால் உங்கள் எண்ணைக் கேட்கும், பிறகு எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றைக் காட்டி அதை வாட்ஸ்அப்பில் போடச் சொல்லும். போட்டால் அவனுடைய கணினி உங்கள் கணக்கோடு சேர்ந்துவிடும். ஆனால் அவனுக்கு உங்களை ஏமாற்ற வேண்டியிருக்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

இணைப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது புரியும். ஒருவர் தன் லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப்பைத் திறக்கிறார். திரையில் க்யூஆர் குறியீடு வருகிறது. உங்கள் போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் Linked devices என்ற இடத்துக்குப் போய், Link a device என்பதை அழுத்துகிறார். இந்த இடத்தில் போன் ஒரு கேள்வி கேட்கும்: நீ உரிமையாளர்தானா? அதற்கு விடை, போனைத் திறக்கும் அதே விரல்ரேகை, அல்லது அதே எண். அவ்வளவுதான் சோதனை. "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று கல்யாணமான மாதமே அவர் கட்டைவிரலையும் உங்கள் போனில் பதிந்து வைத்திருந்தால், போனைப் பொறுத்தவரை அவரும் நீங்களும் ஒருவரே. ஈருடல் ஓருயிர் என்பதை இத்தனை விசுவாசமாகக் கடைப்பிடிக்கும் வேறொரு பொருள் வீட்டில் இல்லை. அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். போனில் வரும் அறிவிப்பையும் அவரே விரலால் தள்ளிவிட்டு, இருந்த இடத்தில் போனை வைத்துவிடலாம்.

அதன் பிறகு உங்கள் போன் அவருக்குத் தேவையில்லை. 2021இல் வாட்ஸ்அப் இந்த ஏற்பாட்டை மாற்றியது. அதற்கு முன்பு போன் இணையத்தில் இருந்தால்தான் கணினியிலும் ஓடும். இப்போது நீங்கள் போனை அணைத்து அலமாரியில் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாலும், அந்த லேப்டாப்பில் செய்திகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். தொடர்ந்து 14 நாள் உங்கள் போனில் வாட்ஸ்அப்பைத் தொடாமல் இருந்தால்தான் அது தானாக அறுந்துபோகும். யார் அப்படி இருக்கிறார்கள்? அந்தத் திரையிலிருந்து படிக்கலாம். உங்கள் பெயரில் பதிலும் எழுதலாம். இப்படி நான்கு கருவிகள் வரை சேர்க்க முடியும்.

எனக்குத் தெரிந்த ஒரு செவிலியர். பெயரும் ஊரும் வேண்டாம். ஒருநாள் தற்செயலாக அந்தப் பட்டியலைத் திறந்தபோது இரண்டு வரிகள் இருந்தன. இரண்டிலும் Google Chrome (Windows) என்றே எழுதியிருந்தது. அவளுக்கு உடனே ஜெராக்ஸ் கடை நினைவுக்கு வந்தது. மகனின் பள்ளிக்கு ஆதார் நகல் எடுக்கப் போனபோது, கடைக்காரப் பையன் "வாட்ஸ்அப் வெப் போடுங்கக்கா" என்று சொல்லி, அவளும் கடைக் கணினியில் இணைத்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு அப்படியே வந்துவிட்டாள். நம் ஊரில் பாதிப் பெண்களின் கணக்கு இப்படி ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் திறந்து கிடக்கும். ஆக, பட்டியலில் தெரியாத பெயர் இருப்பதாலேயே யார் மீதும் பழி சொல்லிவிட முடியாது. ஒரு வரி கடையுடையது. இன்னொன்று?

ஒவ்வொரு வரியின் கீழும் Last active என்று ஒரு நேரம் இருக்கும். அதை ஒருமுறை பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் அந்தக் கணினியில் வாட்ஸ்அப் திறந்து இணைப்பில் இருந்தது என்றுதான் அது சொல்கிறது. யாரோ உட்கார்ந்து படித்தார் என்று சொல்வதில்லை. அவள் ஆறு நாள் பார்த்தாள். முதல் வரி பகலெல்லாம் உயிரோடு இருந்தது, இரவு எட்டரைக்கு மேல் நகரவில்லை, ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சனிக்கிழமை நேரத்தையே காட்டியது. கடையின் ஷட்டர் நேரம் அது. இரண்டாவது வரி பகலில் அசையவே இல்லை. அவளுக்கு இரவுப் பணி இருந்த மூன்று நாட்களில் மட்டும் நள்ளிரவுக்குப் பிந்தைய நேரங்கள் வந்தன. அவள் வீட்டில் தூங்கிய இரவுகளில் அதுவும் தூங்கியது.

இன்னொரு தடயமும் கிடைத்தது. ஓர் இரவு அவள் போன் மருத்துவமனை லாக்கரில் இருந்தது. தங்கை ஒன்றேகாலுக்கு அனுப்பிய செய்திக்கு ஒன்றரைக்குள் நீல டிக் விழுந்துவிட்டது. காலையில் போனைத் திறந்தபோது அந்தச் செய்தி புதிதாக வந்ததுபோலவே காட்டவில்லை. ஏற்கெனவே படித்ததாகக் கிடந்தது. ஒரு கருவியில் படித்தால் மற்றவற்றிலும் படித்ததாகிவிடும். நீங்கள் திறக்காத செய்தி திறந்திருந்தால், வேறு ஒரு கை திறந்திருக்கிறது. பட்டியலின் நேரமும் இந்த நீல டிக்கும் ஒத்துப்போன பிறகு அவளுக்குச் சந்தேகம் என்று எதுவும் மிச்சமில்லை. வீட்டில் இருந்தது ஒரே லேப்டாப்தான்.

இப்போது Log out அழுத்த வேண்டியதுதானே? எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். நீங்கள் அழுத்திய மாத்திரத்தில் அவர் திரையிலிருந்து உங்கள் உரையாடல்கள் மறைந்து, க்யூஆர் குறியீடு மீண்டும் வந்து நிற்கும். அதாவது, "எனக்குத் தெரிந்துவிட்டது" என்று நீங்களே அவருக்குச் செய்தி அனுப்புகிறீர்கள். கை ஓங்குகிற வீட்டில் அந்தச் செய்தி இரவு பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எந்தத் தொழில்நுட்பப் பக்கமும் யோசிப்பதில்லை. அவள் பதினொரு நாள் அழுத்தவில்லை. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் காய்கறி விலை பேசினாள். முக்கியமானவற்றைப் பணியிடத்தில் தோழியின் போனிலிருந்து பேசினாள். ஸ்க்ரீன்ஷாட் எடுக்கவில்லை, ஏனென்றால் அவளுடைய கூகுள் கணக்கும் அவர் அமைத்துக் கொடுத்ததுதான். எடுத்த படம் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியாது. தோழியின் போனில் பட்டியலைப் படம்பிடித்து, ஒரு பழைய டூட்டி நோட்டில் தேதியும் நேரமும் எழுதி வைத்தாள். அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இணைப்பை அறுத்தாள். அதற்கும் முன்பாகப் போனின் பூட்டு எண்ணை மாற்றி, பதிந்திருந்த மற்ற விரல்ரேகையை நீக்கினாள். இந்த வரிசை முக்கியம். பூட்டை மாற்றாமல் இணைப்பை மட்டும் அறுத்தால், அடுத்த முறை நீங்கள் குளிக்கப் போகும்போது அது மீண்டும் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே அவர் படித்ததும் பிரதி எடுத்ததும் எதைச் செய்தாலும் திரும்பி வராது.

"ஆறு இலக்க பின் போட்டிருக்கிறேனே" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த இரட்டைச் சரிபார்ப்பு எண், உங்கள் எண்ணை வேறொரு போனில் புதிதாகப் பதிவு செய்பவனைத்தான் தடுக்கும். கருவியை இணைக்கும்போது அதைக் கேட்பதே இல்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். போனுக்கு ஒரு சாவி, கணக்குக்கு இன்னொரு சாவி என்று இரண்டையும் நிறுவனம் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. தூரத்துத் திருடனுக்கு எதிராகக் கணக்கின் சாவியைக் கேட்கிறது. வீட்டுக்குள் இருப்பவரிடம் போனின் சாவியே போதும் என்கிறது. இதை மாற்றுவதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். இருக்கும் எண்ணை இணைக்கும் நேரத்தில் ஒருமுறை கேட்டால் போதும்.

அடுத்தது காவல் நிலையம். "புருஷன் பார்க்கிறதுல என்னம்மா தப்பு? மறைக்க ஏதாவது இருக்கா?" என்ற கேள்வியைக் கேட்காமல் திரும்பிய பெண்ணை நான் பார்த்ததில்லை. சட்டம் இப்படிக் கேட்கவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, ஒரு பெண் இணையத்தையோ மின்னஞ்சலையோ வேறெந்த மின்னணுத் தொடர்பையோ பயன்படுத்துவதைக் கண்காணிக்கும் ஆணைப் பின்தொடர்தல் குற்றத்துக்குள் கொண்டுவருகிறது. முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. "எந்த ஆணும்" என்றுதான் அதில் இருக்கிறது. "கணவர் நீங்கலாக" என்று இல்லை. வன்புணர்வுப் பிரிவில் கணவனுக்கு விலக்கு எழுதத் தெரிந்தவர்கள் இங்கே எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள்.

நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த அவளுடைய அழைப்பு விவரங்களை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்க மறுத்தது. தனியுரிமை என்பது தம்பதிகளுக்கிடையிலும் உண்டு என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், கணவர் ரகசியமாகப் பதிவு செய்த உரையாடல்களை மணவழக்கில் சாட்சியமாக வைக்கலாம் என்றது. வேவு பார்க்கும் அளவுக்கு வந்துவிட்ட மணவாழ்க்கை ஏற்கெனவே உடைந்துபோனதுதான் என்பது அதன் வாதம். உடைந்தது உண்மைதான். ஆனால் உடைத்தவர் கையில் உளியைத் திருப்பிக் கொடுத்து, அதைச் சாட்சிக் கூண்டிலும் ஏற்றிவைப்பது என்ன நியாயம்? லேப்டாப்பும் சம்பளமும் வக்கீலும் யாரிடம் இருக்கின்றனவோ அவருக்கே இந்தத் தீர்ப்பு உதவும். ஒன்றை மட்டும் நம் வழக்கறிஞர்கள் விடாமல் சொல்ல வேண்டும்: உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்தது, கணவர் தானே மனைவியோடு பேசிய பேச்சு. ஒரு பெண் தன் தங்கையிடம் நள்ளிரவில் எழுதியதை மூன்றாவது ஆளாக நின்று படிப்பது அதில் அடங்காது.

ஆகவே புகார் எழுதும்போது "என் வாட்ஸ்அப்பை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் அந்தத் தாள் சைபர் பிரிவுக்குப் போய், முகம் தெரியாத திருடனைத் தேடி, காணவில்லை என்று முடிந்துபோகும். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை, இன்ன நேரங்களில், இன்னார், தன் கணினியில் என் கணக்கை என் சம்மதமின்றி இணைத்து, என் மின்னணுத் தொடர்பைக் கண்காணித்தார் என்று எழுதுங்கள். செவிலியர் அப்படித்தான் எழுதினாள். டூட்டி நோட்டின் நான்கு பக்க நகலையும் சேர்த்துக் கொடுத்தாள்.