பதினாறு மில்லி ஒரு வேளைக்கா, ஒரு நாளைக்கா?

போன மாதம் ஒரு ராத்திரி, படுக்கப் போகிற சமயத்தில் என் தங்கை போன் பண்ணினாள். "அக்கா, பாப்பாவுக்குக் காதில் சீழ். டாக்டர் அமாக்ஸிசிலின் சிரப் எழுதியிருக்கார். மருந்துக் கடையில் 16 மில்லி, மூணு வேளைன்னு பாட்டில் மேலே எழுதித் தந்தாங்க. இவ்வளவு குடிப்பாளா?"

பாப்பாவுக்கு ஒரு வயது, எடை 10 கிலோ. 16 மில்லி என்றால் டீஸ்பூனால் மூன்று ஸ்பூனுக்கும் மேல். எனக்குச் சுருக்கென்றது. "இன்னும் கொடுக்கலையே? அப்படியே வை. டாக்டர் சீட்டில் இருக்கிறதை எழுத்து விடாமல் படி" என்றேன்.

சீட்டில் இருந்தது இது: கிலோவுக்கு 40 மில்லிகிராம், ஒரு நாளைக்கு, மூன்று வேளையாகப் பிரித்து, ஐந்து நாள்.

நான் பத்தாவதுக்கு மேல் படித்தவள் இல்லை. ஆனால் என் பையன் சின்னவனாக இருந்தபோது ஒரு நர்ஸம்மா சொல்லிக் கொடுத்த கணக்கு மனசில் நின்றுவிட்டது. பேப்பரும் பேனாவும் எடுத்து, போனிலேயே இருவரும் போட்டோம்.

முதலில் நாள் கணக்கு. 40-ஐ 10 கிலோவால் பெருக்கினால் 400 மில்லிகிராம். இது நாள் முழுவதற்கும் சேர்த்து. அடுத்து வேளைக் கணக்கு. 400-ஐ மூன்றால் வகுத்தால் சுமார் 133 மில்லிகிராம். கடைசியில் சிரப் கணக்கு. பாட்டிலில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்று அச்சடித்திருந்தது. ஆக, 133 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய ஐந்தேகால் மில்லி.

அப்படியானால் 16 மில்லி எங்கிருந்து வந்தது? 400 மில்லிகிராமை அப்படியே சிரப்பாக்கினால் 16 மில்லி. அது முழு நாள் மருந்து! கடையில் யாரோ அதை மூன்றாக வகுக்க மறந்து, பக்கத்தில் "மூணு வேளை" என்று மட்டும் எழுதிவிட்டார்கள். கொடுத்திருந்தால் குழந்தைக்கு மூன்று மடங்கு மருந்து போயிருக்கும்.

பாட்டிலை வைத்தும் இதைக் கண்டுபிடிக்கலாம். ஐந்து நாளைக்கென்று கடையில் கொடுத்தது 60 மில்லி பாட்டில் இரண்டு, மொத்தம் 120 மில்லி. வேளைக்கு 16 மில்லி என்றால் நாளைக்கு 48 மில்லி. இரண்டரை நாளில் இரண்டு பாட்டிலும் காலி! வேளைக்கு 5 மில்லி என்றால் ஐந்து நாளைக்கு 75 மில்லி; கொஞ்சம் மிஞ்சும். பாட்டிலும் நாளும் பொருந்தாவிட்டால், எங்கோ கணக்குத் தப்பு என்று அர்த்தம்.

உடனே தங்கை டாக்டருக்குப் போன் போட்டாள். அவர், "நாள் முழுவதுக்கும் தான் 16 மில்லி. வேளைக்கு 5 மில்லி கொடுங்க, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை" என்றாராம். ஐந்தேகாலை ஐந்தாக்கியது அவர் முடிவு. அப்படிக் கூட்டுவதோ குறைப்பதோ, மூன்று வேளையை இரண்டாக்குவதோ நம் வேலை இல்லை. வேளையின் எண்ணிக்கை மாறினால் ஒவ்வொரு வேளையின் அளவும் மாறிவிடும்.

இதைப் படித்துவிட்டு எல்லா மருந்தையும் வகுக்க ஆரம்பித்துவிடாதீர்கள், சகோதரிகளே! காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலைப் பெரும்பாலும் வேளைக்கு என்றே எழுதுவார்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கு என்று எழுதியிருந்தால், 10 கிலோ குழந்தைக்கு ஒவ்வொரு வேளையும் 150 மில்லிகிராம். 24 மணி நேரத்தில் நாலு தடவைக்கு மேல் கூடாது. அந்த 150-ஐ நாள் கணக்கென்று நினைத்து நாலாகப் பிரித்தால், வேளைக்கு 38 மில்லிகிராம்கூட வராது, காய்ச்சல் இறங்காது. மாறாக, நாள் முழுவதற்குமான 600-ஐ ஒரே வேளைக்குக் கொடுத்து, அதையே நாலு தடவையும் கொடுத்தால் ஈரலுக்கே ஆபத்து.

ஆகவே சீட்டில் "நாளைக்கு" என்றிருக்கிறதா, "வேளைக்கு" என்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புரியாவிட்டால் சீட்டு வாங்கும்போதே, "டாக்டர், ஒரு தடவைக்கு எத்தனை மில்லி, எத்தனை தடவை?" என்று கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். குழந்தையின் எடையையும் அன்றைக்கே பார்த்துச் சொல்லுங்கள். கடையில் வேறு கம்பெனி மருந்து கொடுத்தால், 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று மறுபடி படியுங்கள். 125-க்குப் பதில் 250 வந்தால் மில்லி பாதியாகிவிடும். சமையலறை ஸ்பூனால் அளக்காதீர்கள். மருந்தோடு வரும் மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ தான் சரி.

தப்பான அளவு ஏற்கெனவே உள்ளே போயிருந்தால், அடுத்த வேளையை நாமாகவே கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டக் கூடாது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உடனே டாக்டரைக் கேட்க வேண்டும்.

பாப்பாவுக்கு ஐந்தாம் நாள் காது சரியாகிவிட்டது. பாட்டில் மேலிருந்த அந்த 16-ஐ தங்கை அன்றைக்கே அடித்துவிட்டு, பெரிசாக 5 என்று எழுதி ஒட்டிவிட்டாள். மாமியார் கொடுத்தாலும் தப்பு வராது பாருங்கள்!